ஒரே வாக்கியத்தில் அடங்கும் பாதை: நடைவழிக்குப் பெயர் வைக்கும் முறை

மலையேற்றத் தடமோ பழைய நகரின் மரபு நடையோ, பெயர் வைக்க உட்காரும்போது பெரும்பாலும் முதலில் வருபவை "பாரம்பரியப் பாதை", "இயற்கை உலா", "பசுமைத் தடம்" போன்ற பெயர்கள்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த ஊரில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் பெயர், எந்த ஊரிலும் வழி காட்டாது. பாதையின் நடுவில் நிற்பவருக்கு மூன்று கேள்விகள் உண்டு. எத்தனை இடம் பார்த்துவிட்டேன்? அடுத்தது எது? வழி தவறிவிட்டேனா? மூன்றாவதற்குப் பதில் சொல்ல வேண்டியது தரையிலும் மரத்திலும் இருக்கும் அடையாளம். முதல் இரண்டுக்கும் பெயரே பதில் சொல்லலாம். அப்படிச் சொல்லும் பெயரை உருவாக்கும் முறைதான் இங்கே.

ஏற்கெனவே நிலைத்துவிட்ட சில பெயர்களைப் பார்த்தால் இது புரியும்.

"ஆறுபடைவீடு" என்ற பெயரில் எண் இருக்கிறது. நான்கு தலங்களுக்குப் போனவருக்கு இன்னும் இரண்டு பாக்கி என்று தெரியும். எவை இரண்டு என்பதைப் பெயர் சொல்லாது, பட்டியலைப் பார்க்க வேண்டும். "பஞ்சபூதத் தலங்கள்" ஒரு படி மேலே போகிறது. நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்ற ஐந்தும் எல்லோருக்கும் முன்பே தெரியும். திருவானைக்காவும் திருவண்ணாமலையும் போய் வந்தவருக்கு, நீரும் நெருப்பும் முடிந்தன, நிலமும் காற்றும் ஆகாயமும் பாக்கி என்று மனதே கணக்குச் சொல்லிவிடும். விட்டுப்போனது எது என்பதையும் பெயரே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை இதில் இல்லை. தனித்தனியாகப் போய்வரும் ஊர்களுக்கு அது குறையில்லை. ஒரே நாளில் நடந்து முடிக்கும் பாதைக்கு அது பெரிய குறை.

ஜெர்மனியின் ஹானோவர் நகரில் "சிவப்பு நூல்" என்ற பொருள்படும் பெயரில் ஒரு நடைவழி இருக்கிறது. 4.2 கிலோமீட்டர், 36 இடங்கள். தரையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு கதை முழுக்க ஊடாடி வரும் இழையைச் சிவப்பு நூல் என்று சொல்வது ஜெர்மன் மொழி வழக்கு. கோட்டின் பெயரே பாதையின் பெயர் ஆகிவிட்டதால், பின்தொடர்வதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் 36 இடத்தையும் யாரும் வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பெயர் பின்தொடர வைக்கும், நினைவில் வைக்க உதவாது. பாஸ்டன் நகரின் விடுதலைப் பாதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1951-இல் தொடங்கிய அந்தப் பாதையில் 16 இடங்கள், சுமார் 4 கிலோமீட்டர். எதைப் பற்றிய பாதை என்பதைப் பெயர் சொல்கிறது. வரிசையைச் சொல்வது தரையில் ஓடும் சிவப்புக் கோடு.

ஆக, பெயர் சுமக்கக்கூடியவை மூன்று: எண்ணிக்கை, எவை எவை என்பது, வரிசை. மூன்றையும் ஒரே பெயரில் கொண்டுவரத் தமிழில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. "வந்து, பார்த்து, சாப்பிட்டு, கிளம்பினான்" என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் அதுவே ஒரு வாக்கியம், அதுவே ஒரு வரிசை. நடுவில் ஒன்றை விட்டுவிட்டாலோ முன்பின்னாகச் சொன்னாலோ காதுக்கே உறுத்தும். நிறுத்தங்களை இந்த அடுக்கில் கோப்பதுதான் இந்த முறையின் சாரம்.

முதலில் நடங்கள், பிறகு எழுதுங்கள்

பெயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் பாதையை இரண்டு முறை நடக்க வேண்டும், போகும் திசையில் ஒருமுறை, திரும்பும் திசையில் ஒருமுறை. கையில் ஒரு நோட்டு. அதில் இரண்டு பத்தி: நின்று பார்க்க வேண்டிய இடங்கள் ஒரு பக்கம், வழி பிரியும் இடங்கள் மறுபக்கம். புதியவர்கள் இரண்டையும் கலந்துவிடுவார்கள். வழி பிரியும் இடத்துக்கு வேண்டியது அம்புக்குறி. நின்று பார்க்கும் இடத்துக்குத்தான் பெயர்.

நின்று பார்க்கும் இடங்கள் ஐந்து முதல் ஏழு வரை இருக்கட்டும். மனிதர் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் உருப்படிகள் ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதியது பலருக்குத் தெரியும். ஒன்றோடொன்று கோக்காத உதிரி உருப்படிகள் என்றால் அது நான்கு அளவில்தான் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கோத்துக் கொடுத்தால் ஏழு தாங்கும், உதிரியாகக் கொடுத்தால் நான்கே திணறும். உங்கள் பட்டியலில் பன்னிரண்டு இடம் இருந்தால் ஒரே பாதையாக வைக்காதீர்கள், ஆறு ஆறாக இரண்டு பாதையாக்குங்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் அங்கே வசிப்பவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதும் இந்தக் கட்டத்தில்தான். ஒருவரிடம் கேட்டால் போதாது, வெவ்வேறு வயதில் மூன்று பேரிடமாவது கேளுங்கள். ஊர்ப்பெயர் ஒன்று வழக்கில் இருக்கும்போது அதை அழித்து நீங்கள் ஒன்று வைத்தால், வழி கேட்கும் பயணிக்கு ஊரார் பதில் சொல்ல முடியாது. நீங்கள் சேர்க்கும் சொல் ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

ஒரு பாதையை எடுத்துப் பார்ப்போம்

ஆற்றங்கரையில் ஒரு பழைய வணிக நகரம் என்று வைத்துக்கொள்வோம். நடந்து பார்த்ததில் கிடைத்தவை: ஆற்றின் படித்துறை, சுங்கச் சாவடி, கல் கட்டடமான கிடங்கு, ஏல மண்டபம், எடைமேடை, கோட்டையின் வடக்கு வாசல். கூடவே, இவற்றோடு சம்பந்தமில்லாத, ஆனால் மிக அழகான ஒரு படிக்கிணறு. மொத்தம் 1.3 கிலோமீட்டர்.

இந்த இடங்களைக் கோக்கும் இழை எது? கட்டியவர் யார், எந்த நூற்றாண்டு என்று தேடினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலமாக இருக்கும், கோர்வை வராது. அதற்குப் பதிலாக, இந்த இடங்களின் வழியே எது நகர்ந்தது என்று கேளுங்கள். படகில் வந்த சரக்கு நகர்ந்தது. அதன் மீது என்னென்ன வேலை நடந்தது என்று எழுதினால் வாக்கியம் தானாக வந்துவிடும்: இறக்கி, வரிகட்டி, எடைபோட்டு, அடுக்கி, ஏலம் கூவி, வண்டியில் ஏற்றினார்கள்.

இப்போது வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். எடைமேடை இருப்பது கிடங்குக்கு முன்னால் இல்லை, ஏல மண்டபத்தைத் தாண்டி. கதையின் வரிசையும் காலின் வரிசையும் முட்டுகின்றன. இந்த இடத்தில் பலர் பாதையை வளைத்துவிடுவார்கள்: கிடங்கைத் தாண்டிப் போய் எடைமேடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கிடங்குக்கு வாருங்கள் என்று பலகை வைப்பார்கள். யாரும் திரும்ப மாட்டார்கள். கடந்துவந்த தெருவில் மறுபடி நடக்கச் சொல்லும் அம்புக்குறியைப் பயணிகள் தவறு என்றே நினைப்பார்கள். எப்போதும் காலின் வரிசைதான் வெல்ல வேண்டும்.

அதற்காகக் கதையைப் பொய்யாகத் திருத்தவும் கூடாது. ஏலக் கணக்கேடுகளோ பழைய ரசீதுகளோ கிடைத்தால் பார்க்க வேண்டும். ஏலம் முடிந்து வாங்கியவர் முன்னிலையில் எடை போட்டதாகப் பதிவு இருந்தால், வாக்கியம் மாறி நேராகிவிடும்: இறக்கி, வரிகட்டி, அடுக்கி, கூவி, எடைபோட்டு, ஏற்றினார்கள். அப்படி ஆதாரம் இல்லையென்றால் எடைமேடையை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு ஐந்தோடு நிறுத்துங்கள். பெயருக்காக வரலாற்றைப் புனைந்தால், பத்து ஆண்டில் அந்தப் புனைவே ஊரின் வரலாறாகப் பதிந்துவிடும். அதைப் பிடுங்குவது மிகக் கடினம்.

படிக்கிணறு? அது இந்த வாக்கியத்தில் இல்லை. "தாகம் தீர்த்து" என்று நடுவில் செருகலாம் என்று கை துறுதுறுக்கும். சரக்குக்குத் தாகம் எடுக்காது. வாக்கியத்தில் நகரும் பொருள் மாறிய இடத்தில்தான் நினைவும் அறுந்துபோகும். கிணற்றைக் கிளைவழியாக வைத்து, அருகிலுள்ள நிறுத்தத்தின் பலகையில் "கிளை: படிக்கிணறு, 70 மீட்டர்" என்று எழுதினால் போதும்.

அடுத்து, வினைகளை நிறுத்தத்தின் பெயரோடு ஒட்ட வேண்டும். இறக்கிய துறை, வரிகட்டிய சாவடி, அடுக்கிய கிடங்கு, கூவிய மண்டபம், எடைபோட்ட மேடை, ஏற்றிய வாசல். ஒவ்வொன்றும் இரண்டே சொல். முதல் சொல் வரிசையைச் சொல்கிறது, இரண்டாவது கண்ணால் பார்க்கும் பொருளைச் சொல்கிறது. பயணி வந்து நின்றதும் அந்த இரண்டாம் சொல் கண்ணில் பட வேண்டும். மண்டபம் என்று எழுதிவிட்டு அங்கே வெறும் அடித்தளம் மட்டும் இருந்தால் "மண்டபத் திண்டு" என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் இருக்கும் இடத்திலேயே நின்றுகொண்டு மண்டபத்தைத் தேடுவார்கள்.

ஐந்தாவதை "நிறுத்த மேடை" என்று வைத்தால் இலக்கணப்படி மிகச் சரி. நிறுத்தல் என்றால் எடை போடுவதுதானே. ஆனால் பலகையில் படிப்பவர் கண்ணுக்கு அது பேருந்து நிறுத்தம் போலத்தான் தெரியும். சரியான சொல்லாக இருந்தால் போதாது, வேகமாக நடந்துவரும் ஒருவர் தவறாகப் படிக்க முடியாத சொல்லாக இருக்க வேண்டும்.

பாதையின் பெயர்

நிறுத்தங்கள் முடிந்த பிறகே பாதைக்குப் பெயர். பெயர் அந்த வாக்கியத்தில் நகரும் பொருளைச் சொல்லட்டும், அப்போதுதான் பெயரைச் சொன்னதும் வாக்கியம் ஓடி வரும். முதலில் தோன்றுவது "மூட்டை போன வழி". சொல்லிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் சிக்கல்கள் வெளியே வரும். மூட்டை என்ற சொல்லை விரைவில் படித்தால் முட்டை. இன்று பாதைப் பெயரைத் தேடுபவர்களில் பலர் கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். muttai என்று தட்டினால் வருவது முட்டைதான். வழி என்பதை vali என்று தட்டுபவர்களுக்கு அது வலியாகிவிடும். "சரக்கு" என்று மாற்றலாமா என்றால், அதற்குப் பேச்சுவழக்கில் வேறு பொருள் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்குவார்.

"சுமைத் தடம்" இவற்றில் எதிலும் மாட்டவில்லை. சுமை என்பதைத் தட்டும்போது குழப்பம் குறைவு, தடம் என்பது பாதையையும் குறிக்கும், கடந்துபோனதன் அடையாளத்தையும் குறிக்கும். நெடில் குறில் மாறினால் வேறு சொல்லாகிவிடும் பெயர்களையும், ல ள ழ மூன்றில் எது என்று யோசிக்க வைக்கும் பெயர்களையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டால் இந்த அலைச்சல் பாதியாகக் குறையும்.

எண்ணைப் பெயரில் சேர்க்கலாமா? பின்னால் ஒருபோதும் கூடாத, குறையாத தொகுதி என்றால் மட்டும் சேருங்கள். ஆற்றங்கரையில் நாளை இன்னொரு கிடங்கு கண்டெடுக்கப்பட்டால் "ஆறு நிறுத்தச் சுமைத் தடம்" பொய்யாகிவிடும். எண் பலகையில் இருக்கட்டும், பெயரில் வேண்டாம். ஒரு பலகை இப்படி இருந்தால் போதும்:

சுமைத் தடம் 3/6
அடுக்கிய கிடங்கு
அடுத்து: கூவிய மண்டபம், 280 மீட்டர்

மூன்றாவது வரியை விட்டுவிடும் பலகைகள்தான் அதிகம். அடுத்த பெயரையும் தூரத்தையும் இங்கேயே படித்துவிட்டுக் கிளம்புபவர், முந்நூறு மீட்டர் தாண்டியும் மண்டபம் வரவில்லை என்றால் தானே திரும்பிப் பார்ப்பார். கட்டடத்தின் வரலாற்றை எழுத வேண்டுமென்றால் அது வேறு பலகை.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் யோசிக்க வேண்டும். வாகனம் வந்து நிற்கும் இடம் வடக்கு வாசலுக்குப் பக்கம் என்றால், பாதி பேர் ஆறாவது நிறுத்தத்தில்தான் தொடங்குவார்கள். எண்ணை மாற்றாதீர்கள். பலகையின் பின்பக்கத்தில் அதே எண்ணையும் பெயரையும் எழுதி, "அடுத்து" என்ற இடத்தில் மட்டும் எதிர்ப்பக்க நிறுத்தத்தை எழுதுங்கள். அவர்களுக்கு வாக்கியம் தலைகீழாக வரும், ஆனாலும் எண் இறங்குமுகமாக வருவதால் எத்தனை பாக்கி என்பது தெளிவாகவே இருக்கும்.

மலைத் தடத்தில் மாறுபவை

மலையில் சரக்கு இல்லை, நகர்வது நடப்பவரின் உடல். அதனால் உடல் செய்யும் வேலையையே வினையாக எடுங்கள். ஓடை தாண்டி, மூங்கிலில் நுழைந்து, பாறையில் குனிந்து, புல்வெளி ஏறி, உச்சியில் நிற்க வேண்டும். நிறுத்தங்கள்: தாண்டும் ஓடை, நுழையும் மூங்கில், குனியும் பாறை, ஏறும் புல்வெளி, நிற்கும் உச்சி. குனியும் பாறையில் தலை இடிக்கும் என்பதையும் பெயரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

மலையில் பெயர் அழிவதற்குக் காரணம் பெரும்பாலும் பருவம். மழைக்காலத்தில் நடந்து பார்த்து "கொட்டும் அருவி" என்று வைத்தால், கோடையில் வருபவர் காய்ந்த பாறையைக் கடந்து, அருவியைத் தேடிக் கிளைவழியில் இறங்கிவிடுவார். ஒற்றை மரத்தின் பெயரும் அப்படித்தான், ஒரு புயலுக்குத் தாங்காது. பாறை, கணவாய், மேடு, வளைவு இவற்றை நம்பலாம். ஓடை வற்றினாலும் அதன் பள்ளம் தெரியும் என்பதால் ஓடையையும் நம்பலாம். அரிய பூச்செடி, பறவைக் கூடு, காவல் இல்லாத சிற்பம் ஆகியவற்றின் பெயரை மட்டும் எந்தக் காலத்திலும் நிறுத்தத்துக்கு வைக்காதீர்கள். அந்தப் பெயரே திருடருக்கு வரைபடம்.

இன்னொரு ஆபத்து, ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருப்பது. ஜப்பானின் ஃபூஜி மலையில் ஏறும் வழிகளை அடிவாரம் முதல் உச்சி வரை பத்து நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். எத்தனை பாக்கி என்பது நிலையின் எண்ணிலேயே தெரியும், அது அந்த முறையின் பலம். ஆனால் உச்சிக்கு ஏறும் பெரிய வழிகள் நான்கு, ஒவ்வொன்றிலும் ஓர் ஐந்தாம் நிலை உண்டு. யோஷிதா வழியின் ஐந்தாம் நிலை சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், கோதெம்பா வழியின் ஐந்தாம் நிலை சுமார் 1,440 மீட்டரில். "ஐந்தாம் நிலையில் காத்திருக்கிறேன்" என்ற செய்தி மலையின் வேறு பக்கத்தையே குறிக்கலாம். இறங்கும்போது யோஷிதா வழியும் சுபாஷிரி வழியும் எட்டாம் நிலைப் பக்கத்தில் பிரிகின்றன. அந்த இடத்தில் தவறான பக்கம் திரும்பி வேறு அடிவாரத்துக்குப் போய்ச் சேருபவர்கள் உண்டு. அதனால்தான் அங்கே நான்கு வழிக்கும் நான்கு நிறம்: யோஷிதா மஞ்சள், சுபாஷிரி சிவப்பு, கோதெம்பா பச்சை, ஃபூஜிநோமியா நீலம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, நிறுத்தத்தின் எண்ணையோ பெயரையோ பாதையின் பெயர் இல்லாமல் தனியாக எங்கும் எழுதக் கூடாது என்பது. மலையில் ஒருவர் காலை முறித்துக்கொண்டு தொலைபேசியில் கத்தும்போது பாதி சொல்தான் மறுமுனைக்குக் கேட்கும். "மேல்பாறை", "மேட்டுப்பாறை" என்று ஒரே ஒலியில் தொடங்கும் இரண்டு நிறுத்தங்கள் ஒரே மலையில் இருந்தால் மீட்பவர்கள் தவறான இடத்துக்குப் போவார்கள். பாதையின் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, முதல் ஒலி இரண்டு இடத்தில் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

சோதித்த பிறகே பலகை

பலகைக்குச் செலவு செய்வதற்கு முன் ஐந்து பேர் வேண்டும், பாதையைப் பற்றி எதுவும் அறியாத ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பாதையின் பெயரையும் வாக்கியத்தையும் ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து, பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை. ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினால் பெயரில் கோளாறு.

பிறகு காகிதத்தில் அச்சிட்ட தற்காலிகப் பலகைகளைக் கட்டிவிட்டு அவர்களைத் தனித்தனியாக நடக்கவிடுங்கள். நீங்கள் முப்பது அடி பின்னால் வாருங்கள், பேசாதீர்கள். எங்கே நின்று தலையைத் திருப்புகிறார்கள் என்பதை மட்டும் குறியுங்கள். தலை திரும்பும் இடம் எல்லாம் அடையாளம் போதாத இடம். பிரிவுக்கு முன்னால் ஓர் அம்புக்குறி, திரும்பியபின் பத்து இருபது மீட்டரில் "சரியாகத்தான் வருகிறீர்கள்" என்று உறுதிசெய்யும் இன்னொரு குறி, இந்த இரண்டும் இருந்தால் பெரும்பாலான தயக்கம் தீர்ந்துவிடும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தில் இந்தக் குறி 5 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரத்தில் வெறும் வெள்ளைப் பட்டை, எழுத்தே கிடையாது. குறி சின்னதாக இருக்கலாம், ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மறுநாள் அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டு நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லக் கேளுங்கள். ஆறில் ஐந்தைச் சொன்னால் நல்லது. பலரும் ஒரே நிறுத்தத்தை விட்டிருந்தால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வினை வாக்கியத்தில் ஒட்டவில்லை, அல்லது அந்த இடத்தில் பார்க்க எதுவும் இல்லை. முதலாவது என்றால் வினையை மாற்றுங்கள். இரண்டாவது என்றால் நிறுத்தத்தையே எடுத்துவிடுங்கள்.

பலகைகள் நட்ட பிறகுதான் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நடைவழியை relation என்ற வகைப் பதிவாக ஏற்றி, சோதனையில் பலர் எழுதிய மாற்று எழுத்துக்கூட்டலையும் சேர்த்துவிடலாம்:

```
type=route
route=foot
name=சுமைத் தடம்
name:ta=சுமைத் தடம்
alt_name=Sumai Thadam;Sumai Tadam
```

பின்னால் ஒரு நிறுத்தம் மூடப்பட்டால், உதாரணமாகக் கிடங்கு பழுதுபார்ப்புக்காக இரண்டு ஆண்டு அடைபட்டால், மற்ற எண்களை நகர்த்தாதீர்கள். அச்சிட்ட கையேடுகளிலும் பயணிகள் பதிவேற்றிய படங்களிலும் பழைய எண்தான் இருக்கும். வாசலில் 3/6 பலகை அப்படியே நிற்கட்டும். அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: "உள்ளே அனுமதி இல்லை. வெளிச்சுவரில் மூட்டை உரசிய தேய்மானத்தைப் பார்த்துவிட்டு நேராகச் செல்லவும்."